ராஜினாமா செய்தபின் வரும் கடைசிக் கணக்கு

தனியார் வேலையை விட்ட சகோதரர் ஒருவர், கடைசியாகக் கிடைத்த கணக்குத் தாளை நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். அதை வரிவரியாகப் பார்த்தோம்.

மாதச் சம்பளம் 1,50,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 75,000. கடைசி மாதத்தில் வேலை செய்த 10 நாளுக்கு 50,000. எடுக்காத 20 நாள் விடுப்புக்கு, அடிப்படைச் சம்பளப்படி 50,000. ஆக மொத்தம் ஒரு லட்சம். நோட்டீஸ் காலத்தில் 12 நாள் குறைந்ததால் 60,000 பிடித்தார்கள். மீதி 40,000.

ஆனால் வரியை இந்த மீதிக்குப் போடவில்லை. பிடித்தத்துக்கு முந்தைய ஒரு லட்சத்துக்கும் 20 சதவீதம் போட்டார்கள். கைக்கு வந்தது 20,000 மட்டுமே.

தவறு விடுப்புப் பணத்தில் இருந்தது. வேலையை விடும்போது பெறும் விடுப்புப் பணத்துக்கு, ராஜினாமாவிலும் வரிவிலக்கு உண்டு. வாழ்நாள் உச்சவரம்பு 25 லட்சம். சராசரிச் சம்பளம், பணி செய்த ஆண்டுகளைப் பொறுத்த வரம்புகளும் உண்டு. இவர் அவற்றுக்குள்தான் இருந்தார். பணியில் இருக்கும்போதே விடுப்பை விற்றால் இந்த விலக்கு இல்லை.

ஆக, வரி 50,000-க்கு மட்டும், அதாவது 10,000. கூடுதலாகப் போன 10,000-ஐ, வருமான வரிக் கணக்கில் விலக்கைக் காட்டித் திரும்பப் பெறலாம். அதற்குக் கணக்குத் தாளும் படிவம் 16-உம் வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.