பரிசு பெற்றவரும் வாழ்த்த வந்தவரும்

நம்பிக்கை: 'இது உமக்கு எப்பொழுதோ கிடைத்திருக்க வேண்டிய பரிசு' என்பதே நண்பருக்குச் செய்யக்கூடிய உயர்ந்த உபசாரம்.

உண்மை: கும்பகோணத்தில் 1920-ல் பிறந்து, பட்டு ஜரிகை வியாபாரத்துக்கு நடுவே கதைகள் எழுதி, 'தேனீ' என்ற பத்திரிகையையும் நடத்திப் பார்த்த எம்.வி. வெங்கட்ராமுக்கு, 'காதுகள்' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி பரிசு 1993-ல் வந்தபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். தாமதம் என்று சொல்ல நியாயம் உண்டுதான். ஆயினும் வாழ்த்த வந்தவர் திண்ணையில் உட்கார்ந்ததும் அதையே பிரஸ்தாபித்தால், பேச்சு டில்லியிலுள்ள தேர்வுக் குழுவின் மீது திரும்பிவிடுகிறது. பரிசு பெற்றவரோ தம் சந்தோஷத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 'வந்த மட்டும் சரி' என்று வந்தவரையே சமாதானம் செய்ய வேண்டியதாகிறது. டவராவில் காப்பி ஆறிப்போகும். நாவலைப் பற்றி ஒரு வார்த்தையும் வந்திராது.

நம்பிக்கை: 'பரிசை நித்தியகன்னிக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்' என்பது ஆழ்ந்த வாசகரின் பாராட்டு.

உண்மை: அது வாசகர் தம் ரசனைக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் மாலை. அகாதெமி தன் வருஷாந்தரப் பரிசை ஆயுள் முழுவதும் எழுதியவற்றுள் சிறந்ததற்கென்று வழங்குவதில்லை. முந்தைய சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பாக வெளிவந்த நூல்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது. வெங்கட்ராமின் 'நித்தியகன்னி' நாவலோ அந்தக் கணக்கில் வரவே முடியாத பழைய நூல். அவரைப் போலவே குடந்தைக் கல்லூரியில் படித்த தி. ஜானகிராமனுக்கும் 1979-ல் 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுதிக்கே பரிசு கிடைத்தது. 'மோகமுள்' என்ன ஆயிற்று என்று அங்கலாய்த்தவர்களுக்கும் விடை இதுதான். 'ஜானகிராமனுக்கு அன்றே கொடுத்தார்களே' என்று வெங்கட்ராமிடம் போய் ஒப்பிடுவது இன்னும் விசேஷம்: ஒருவருடைய வீட்டு விசேஷத்தில் இன்னொருவருடைய ஜாதகத்தை விரிப்பது போல.

நம்பிக்கை: என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் 'தமிழுக்கே பெருமை' என்று எழுதிவிடலாம்.

உண்மை: அந்த வாசகம் எந்த வருஷத்துப் பரிசுக்கும் பொருந்தும், ஆகையால் எவருக்கும் உரியதன்று. 'காதுகள்' நாவலின் மகாலிங்கம், தன் காதுகளுக்குள் ஓயாமல் கூச்சலிடும் குரல்களோடு மல்லாடிக்கொண்டே குடும்பத்தையும் நடத்துகிறவன். ஆசிரியர் தாமே பட்ட அவஸ்தை அது. 'அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் மகாலிங்கம் நிதானம் தப்பாமல் இருக்கும் இடங்களை நேற்று இரவு மறுபடி படித்தேன். அவற்றை எழுதி முடிக்க உங்களுக்கு எத்தனை காலம் பிடித்தது?' என்று ஒரு கார்டில் எழுதினால் போதும். கேள்வியோடு கார்டு முடிந்துவிடுவதால், அடுத்துப் பேச வேண்டியவர் அவராகிறார். 'நீங்களே அந்தக் குரல்களைக் கேட்டீர்களாமே, உண்மைதானா?' என்று கேட்பது மட்டும் வேண்டாம். அது வைத்தியர் கேட்க வேண்டியது.