அதிர்ச்சி நிலையின் நான்கு வகைகள்

மருத்துவ நூல்களில் 'அதிர்ச்சி' என்பது மனக்கலக்கத்தைக் குறிப்பதன்று. உடலின் திசுக்களுக்கு வேண்டிய அளவு இரத்தம் சென்றடையாத நிலையே அதிர்ச்சி எனப்படும். நாடி விரைகிறது, சிறுநீர் குறைகிறது, அறிவு மங்குகிறது. இரத்த அழுத்தம் வீழ்வது பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னரே.

இரத்த ஓட்டத்தை நீரிறைக்கும் அமைப்பு ஒன்றுக்கு ஒப்பிடலாம். தொட்டியில் நீர் குறைவது முதல் வகை. இரத்தப் பெருக்கும் காலராவும் இதற்குக் காரணமாகும். குழாய்கள் அளவுக்கு மீறி விரிவது இரண்டாம் வகை. கடுமையான கிருமித்தொற்றிலும் கடும் ஒவ்வாமையிலும் இது நிகழ்கிறது. இறைக்கும் இயந்திரமாகிய இருதயம் பழுதுறுவது மூன்றாம் வகை. இருதயம் நன்றாயிருந்தும் ஓட்டத்தின் வழி தடைப்படுவது நான்காம் வகை.

இவற்றைப் பிரித்தறிய முதலில் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கை வெதுவெதுப்பாக இருப்பின் அது இரண்டாம் வகையாக இருக்கலாம். ஆயினும் நோய் முற்றினால் அக்கையும் குளிர்ந்துவிடும். ஏனைய மூன்றிலும் கை குளிர்ந்து வியர்த்திருக்கும். அடுத்து, தலைப்பக்கத்தைச் சுமார் 45 பாகை உயர்த்திக் கழுத்துச் சிரைகளை நோக்க வேண்டும். முதல் வகையில் அவை வற்றியிருக்கும். மூன்றாம், நான்காம் வகைகளில் அவை புடைத்திருக்கும்; ஏனெனில் இருதயத்தை நோக்கி வரும் இரத்தம் முன்னேற இயலாமல் தேங்குகிறது. இருதயப் பழுதில் பெரும்பாலும் இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நீர் தேங்கிய ஓசை கேட்கும்.

ஓர் உதாரணத்தைக் காண்போம். வண்டியிலிருந்து விழுந்து வலப்பக்க மார்பில் அடிபட்ட ஒருவருக்கு நாடி 130, இரத்த அழுத்தம் 80/60, கைகள் குளிர்ந்துள்ளன. உள்ளே இரத்தம் பெருகுகிறது எனக் கருதிச் சிரை வழியே உப்புநீர் ஏற்றப்படுகிறது. பயனில்லை. பின்னர் கழுத்தை நோக்கினால் சிரைகள் புடைத்துள்ளன. வலப்பக்க மார்பில் மூச்சொலி இல்லை. விரலால் தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்கிறது. கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று வெளியேற வழியின்றி மார்பினுள் பெருகி, இருதயத்துக்கு இரத்தம் திரும்புவதைத் தடுத்துவிட்டது. இது நான்காம் வகை. எக்ஸ்ரே படத்துக்காகக் காத்திராமல், பயிற்சி பெற்றவர் விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று வெளியேறியதும் நாடி தணிந்து அழுத்தம் உயரத் தொடங்கும். அதன்பின் மார்பில் குழாய் பொருத்தப்படும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. இதே நோயாளிக்கு இரத்தப் பெருக்கும் சேர்ந்திருந்தால் கழுத்துச் சிரைகள் புடைக்காமலே இருக்கலாம். ஆகவே சிரைகள் வற்றியிருப்பதை மட்டும் கொண்டு தடை இல்லை என்று முடிவு செய்தலாகாது. அடிபட்டவரின் மார்பின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுக் கேட்டபின்னரே வகையைத் தீர்மானித்தல் வேண்டும்.