மூன்று விநாடி மௌனம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாள். மதுரையில் ஒரு பள்ளி அலுவலக வாசலில், அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்த மாணவன் ஒருவன் வேப்பமரத்தடியில் நிற்பதாக வைத்துக் கொள்வோம். வாய் உலர்ந்திருக்கிறது; நெஞ்சு படபடக்கிறது. அச்சத்தின்போது அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு கூடுகிறது, உமிழ்நீர் குறைகிறது. எனவே அவனுக்குச் சொற்கள் உடனே வருவதில்லை.

அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? "எவ்வளவு மார்க் வரும்?" என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. "வாடா, எந்த பஸ்ல வந்தே?" என்பது எளிய கேள்வி. யோசிக்காமலே பதில் சொல்லலாம். உலர்ந்த நாக்கும் பேசப் பழகிவிடும். அதன் பிறகு என்ன செய்வது? சும்மா இருக்க வேண்டும்!

இதை விளக்க ஓர் ஆய்வு உதவும். அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பட் ரோ என்ற அம்மையார், அறிவியல் வகுப்புகளின் பேச்சை நாடாவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1974-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் 1 விநாடிதான் காத்திருந்தனர். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. பதிலே வராத இடங்கள் குறைந்தன.

அவர் இரண்டு இடைவெளிகளைக் கண்டார். ஒன்று, கேள்விக்குப் பின். மற்றொன்று, மாணவன் பேசி நிறுத்திய பின். இரண்டாவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நம் மாணவனைப் பாருங்கள்.

"கணக்குதான்டா..." என்று நிறுத்துகிறான்.

"அதெல்லாம் பாஸாயிடுவே!" என்று நாம் உடனே சொன்னால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று என மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அதற்குள் அவனே தொடரக்கூடும்: "கணக்குல போயிட்டா அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா." உண்மையான அச்சம் மார்க்கைப் பற்றியது அல்ல என்பது இப்போதுதான் தெரிகிறது. "வீட்டுக்கு நானும் கூட வரட்டுமா?" என்று கேட்க இப்போது வழி பிறக்கிறது.

ரோவின் ஆய்வு வகுப்பறையில் நடந்தது. பள்ளி வாசலுக்கு 3 விநாடி என்பது கண்டிப்பான அளவு அல்ல. மௌனத்தின்போது முகத்தையே உற்றுப் பார்த்தால் அதுவும் சுமையாகிவிடும். பக்கத்தில் நின்று, இருவருமாக அறிவிப்புப் பலகையைப் பார்ப்பது நல்லது. அவன் மூச்சை இழுத்து உதட்டை அசைத்தால் பேச வருகிறான், காத்திருங்கள். உடலைத் திருப்பிக்கொண்டால் தனிமையை விரும்பலாம். "அந்தத் திண்ணையிலதான் இருப்பேன்" என்று சொல்லி நகருங்கள்.

ஒன்றில் மட்டும் நகரக் கூடாது. "இருந்து என்ன பிரயோசனம்" என்பதுபோல அவன் பேசினால், தனியே விடாமல் உடனே ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

செய்து பாருங்கள்: இன்று வீட்டில் ஒருவர் பேசி நிறுத்தியதும் மூன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். அவர் எத்தனை முறை தாமாகவே தொடர்ந்தார் என்று குறித்துக் கொள்ளுங்கள்.