பெயரைக் கொடுத்தவரும் பதிவேடும்

கேள்வி (சுவா): வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகர் ஒருவர், தம் கடைப் பெயரிலேயே போர்ட்டிக்சனில் கிளை நடத்த மைத்துனருக்கு 2019இல் வாய்மொழியாக இசைந்தார். மசாலைத் தூளும் விலைப்பட்டியலும் சுவாவிலிருந்து சென்றன. மாதம் 1,500 வெள்ளி வந்தது. இப்போது பணம் நின்றுவிட்டது, தூளும் வேறிடத்தில் வாங்கப்படுகிறது, பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. பெயரை மீட்க இயலுமா?

பதில்: கடை வாடகையும் ஆள் சம்பளமும் பிறர் பணத்திலிருந்து வர, சொந்த முதலைப் போட்டவரே கல்லாவைக் கண்காணிக்க, பெயர் மட்டும் பரவுகிறது என்பதால்தான் உரிமையாளர்கள் இம்முறையை விரும்புகின்றனர். ஆனால், ஒருவர் தம் வணிகப் பெயரையும் நடத்தும் முறையையும் பிறருக்குக் கொடுத்து, தொடர்ந்து கட்டுப்படுத்தி, அதற்கு ஈடாகக் கட்டணம் பெறும் ஏற்பாட்டை மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டம் ‘ஃபிரான்சைஸ்’ எனக் கொள்கிறது. அது வாய்மொழியாக இருப்பினும் அவ்வாறே.

வழக்கின் முடிச்சு இங்கேதான் உள்ளது. சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஃபிரான்சைஸைப் பிறருக்கு வழங்க முன்வருவதற்கு முன்பே அதைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அது குற்றம், நிறுவனமாயின் அபராதம் 250,000 ரிங்கிட் வரை செல்லக்கூடும். 18ஆம் பிரிவோ ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே வாய்ப்பேச்சு, வாசகரைச் சட்டத்துக்குள் இழுக்கப் போதுமானது, பாக்கியைக் கேட்டு வழக்காடப் போதாதது. பதிவில்லாத ஏற்பாட்டைச் செல்லாததென நீதிமன்றங்கள் ஒதுக்கியதும் உண்டு.

மைத்துனர்தானே என்று எழுத்தில் எதையும் வாங்காமல் இருந்ததையும், பணம் நின்ற பிறகும் காலம் கடத்தியதையும் குறிப்பிடாமல் விட இயலாது. வணிகச் சின்னத்தைக்கூட வாசகர் பதிவு செய்யவில்லை. ஃபிரான்சைஸ் பதிவுக்கே அது முன்நிபந்தனை. ஒப்பந்தப் பாக்கிக்கு, ஒவ்வொரு மாதத் தவணையும் தவறிய நாளிலிருந்து பொதுவாக 6 ஆண்டுகளே வழக்குக் காலம் என்பதால், பழைய தவணைகள் ஒவ்வொன்றாக நழுவக்கூடும்.

பெயரைப் பொறுத்தவரை ஒரு வழி எஞ்சுகிறது. பதிவில்லாவிடினும், தாம் வளர்த்த நற்பெயரைப் பிறர் தமதெனக் காட்டி வாடிக்கையாளரை ஏமாற்றினால், அதைத் தடுக்கும் உரிமையைப் பொதுச் சட்டம் தருகிறது. எனினும் பலகை வாசகரின் இசைவோடுதான் ஏறியது என எதிர்த்தரப்பு வாதிடும். அந்த இசைவு எப்போது, எவ்வாறு திரும்பப் பெறப்பட்டது என்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

தூள் அனுப்பிய ரசீதுகள், விலையை மாற்றச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள், வங்கிக் கணக்குச் சான்றுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. ஆனால் அவை கட்டுப்பாட்டை மெய்ப்பிப்பதன் மூலம் வாசகருக்கு எதிராகவே பேசவும் கூடும். ஆதலால் கோரிக்கைக் கடிதம் அனுப்பும் முன்பும், உள்நாட்டு வணிக அமைச்சில் புகார் செய்யும் முன்பும், அத்தாள்கள் அனைத்தோடும் சிரம்பானில் வழக்கறிஞர் ஒருவரை நேரில் காண வேண்டும். மேற்கண்டவை பொது விளக்கமே; தாள்களைப் பாராமல் இதற்கு மேல் எதையும் உறுதியாகக் கூறுவதற்கில்லை.