விடை வந்தபின் செய்யவேண்டிய கணக்கு

கடன் பெறுவோர் அனைவரும் கேட்கும் முதற்கேள்வி, மாதத் தவணை எவ்வளவு என்பதே. கிடைத்த விடை சரியானதா என்பதை இன்னொருவரைக் கேளாமல் நாமே தெளிந்துகொள்ள இயலுமா? கணித ஆசிரியர் ஒருவருக்கும் அவரிடம் பயிலும் கல்லூரி மாணவிக்கும் இடையே நடைபெறும் பின்வரும் உரையாடல் அதற்கு வழி காட்டுகிறது. மாணவியின் அண்ணன் வீட்டைப் பழுதுபார்க்க ஒரு இலட்சம் ரூபாய் கடன் வாங்க எண்ணியுள்ளார். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. 12 மாதத் தவணைகள். கடன் தருவோரின் முகவர் மாதத் தவணை ரூ.9,333 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளை கையொப்பமிட வேண்டும்.

மாணவி: ஐயா, நான் தனியே கணக்கிட்டதில் தவணை ரூ.8,796.91 என்று வருகிறது. முகவர் சொன்னதற்கும் இதற்கும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வேறுபாடு. என் விடை சரிதானா என்று பாருங்கள்.

ஆசிரியர்: நான் பார்ப்பதற்கு முன் நீ பார்த்தாயா?

மாணவி: பார்த்தேன் ஐயா. விடையை என் சமன்பாட்டிலேயே பிரதியிட்டேன். இரு பக்கமும் ஒத்துவந்தன.

ஆசிரியர்: எந்தச் சமன்பாட்டில்?

மாணவி: நான் எழுதிய மூன்றாம் வரியில். அசல் P, மாத வட்டி வீதம் r, தவணைகளின் எண்ணிக்கை n, தவணைத் தொகை E என்று கொண்டேன். இறுதியில் கிடைத்த சூத்திரம் இது:

E = P r (1+r)^(n−1) / [(1+r)^n − 1]

ஆசிரியர்: மூன்றாம் வரியில் பிரதியிட்டால், மூன்றாம் வரிக்குப் பிறகு நேர்ந்த பிழை மட்டுமே அகப்படும். முதல் வரியிலேயே பிழை இருந்தால் அது மூன்றாம் வரியிலும் இருக்கும். விடையும் அதற்கு ஒத்தே வரும். ஆகவே விடையை உன் வரிகளிடம் கொண்டு செல்லாதே; கேள்வியிடமே கொண்டு செல். அதற்குமுன் எளிய சோதனைகள் சிலவற்றைச் செய்வோம். வட்டியே இல்லாத கடன் என்று கொள். தவணை என்னவாக வேண்டும்?

மாணவி: அசலைச் சமமாகப் பங்கிட வேண்டும், P/n. ஆனால் சூத்திரத்தில் r = 0 என்று இட்டால் மேலும் கீழும் பூச்சியம் வருகிறதே?

ஆசிரியர்: பூச்சியத்தை நேரே இடாதே, பூச்சியத்தை நெருங்கி வா. r மிகச் சிறிதானால் (1+r)^n என்பது ஏறத்தாழ 1 + nr. அப்போது கீழே எஞ்சுவது nr. மேலே ஏறத்தாழ Pr.

மாணவி: வகுத்தால் P/n. என் சூத்திரம் தேறிவிட்டது!

ஆசிரியர்: ஒரு சோதனையில் தேறியது. இன்னோர் எல்லைக்குப் போவோம். ஒரே தவணை, ஒரு மாதம் கழித்து முழுக்கடனும் அடைகிறது. உன் சூத்திரத்தில் n = 1 என்று இடு.

மாணவி: மேலே (1+r)^0, அதாவது 1. கீழே r. ஆக E = P. ஒரு இலட்சம் வாங்கி, ஒரு மாதம் கழித்து ஒரு இலட்சமே திருப்பித் தருவதாகிறது. வட்டி காணவில்லை ஐயா.

ஆசிரியர்: முதற்சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்று பார். அங்கே வட்டியையே நீக்கிவிட்டோம். வட்டியைப் பற்றிய பிழை அந்த எல்லையில் ஒளிந்துகொள்ளும். ஒவ்வோர் எல்லை நிலையும் ஒருவகைப் பிழையைத்தான் காட்டும். இப்போது பிழை இருப்பது தெரிகிறது. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேள்வியில் பிரதியிடுவோம். பன்னிரண்டு மாதம் நீளும். மூன்று தவணைக் கடனாகக் கொள்வோம். மாத வட்டி 1 விழுக்காடு. உன் சூத்திரம் தரும் தவணை?

மாணவி: ரூ.33,665.56.

ஆசிரியர்: கடன் கணக்கேடு எப்படி நடக்குமோ அப்படியே நடத்து. மாத முடிவில் நிலுவைக்கு வட்டியைச் சேர், தவணையைக் கழி.

மாணவி: முதல் மாதம் 1,00,000 உடன் வட்டி 1,000 சேர்ந்து 1,01,000, தவணை போக 67,334.44. இரண்டாம் மாதம் வட்டி 673.34, தவணை போக 34,342.22. மூன்றாம் மாதம் வட்டி 343.42, தவணை போக மீதி 1,020.08. கடன் தீரவில்லை.

ஆசிரியர்: அந்த மீதியை எறிந்துவிடாதே; பிழையின் முகவரி அதில்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு மாதம் வட்டி ஏறினால் எவ்வளவு?

மாணவி: 1,000 × 1.01 × 1.01 = 1,020.10. இரண்டு பைசா வேறுபாடு, முழுமையாக்கியதால் வந்தது. அந்த ஆயிரம்... முதல் மாத வட்டி! கடன் வாங்கிய நாளிலேயே முதல் தவணையைக் கட்டியதுபோல, முதல் வரியில் P − E என்று எழுதிவிட்டேன். P(1+r) − E என்று தொடங்கியிருக்க வேண்டும்.

ஆசிரியர்: திருத்து.

மாணவி: அடுக்கு n−1 என்பது n ஆகிறது:

E = P r (1+r)^n / [(1+r)^n − 1]

மூன்று தவணைக்கு ரூ.34,002.21. நிலுவைகள் 66,997.79, பிறகு 33,665.56. கடைசி மாதம் வட்டி 336.66 சேர்ந்து 34,002.22, தவணை போக ஒரு பைசா மீதி.

ஆசிரியர்: அது பைசாவை முழுமையாக்கியதன் விளைவு, பிழையன்று. கடன் கணக்குகளில் கடைசித் தவணை சற்று மாறியிருப்பதற்கும் இது ஒரு காரணம். எல்லைகளையும் பார்த்துவிடு.

மாணவி: n = 1 எனில் P(1+r). வட்டியில்லையேல் P/n. தவணைகள் எண்ணற்றுப் பெருகினால், கீழேயுள்ள 1 என்பதற்கு மதிப்பில்லாது போய், E என்பது Pr ஐ நெருங்குகிறது. அதாவது வட்டி மட்டும்.

ஆசிரியர்: அசல் ஒருநாளும் தீராத கடனுக்கு அதுவே பொருத்தம். இதில் ஒரு பயனும் உண்டு. எந்தக் கடனிலும் தவணை, முதல் மாத வட்டியைவிடக் குறைவாக வரவே முடியாது. அப்படி வந்தால் கடன் குறையாமல் வளரும். உன் பன்னிரண்டு மாதத் தவணை இப்போது எவ்வளவு?

மாணவி: ரூ.8,884.88. ஆயினும் முகவரின் 9,333 வரவில்லையே!

ஆசிரியர்: அவருடைய சூத்திரத்தைக் கண்டுபிடி. ஒரு இலட்சத்தைப் பன்னிரண்டால் வகு.

மாணவி: 8,333.33. அதனுடன் ஆயிரம் சேர்த்தால் 9,333.33. ஓ, ஒவ்வொரு மாதமும் முழு அசலுக்கும் வட்டி! E = P/n + Pr. இதை எல்லைகளில் சோதிக்கிறேன். வட்டியில்லையேல் P/n. ஒரே தவணையானால் P + Pr. தவணைகள் எண்ணற்றுப் பெருகினால் Pr. ஐயா, மூன்றிலும் தேறுகிறதே!

ஆசிரியர்: ஆகவேதான் எல்லைச் சோதனையோடு நிற்கக் கூடாது. எல்லையில் தவறினால் விடை தவறு என்பது உறுதி. எல்லையில் தேறினால் விடை சரி என்பது உறுதியன்று. இரு முனைகளில் ஒத்து, நடுவில் விலகும் சூத்திரங்கள் உண்டு. தீர்ப்புச் சொல்வது பிரதியிடலே. மூன்று தவணைக்குச் செய்.

மாணவி: தவணை 34,333.33. நிலுவை 66,666.67, பிறகு 33,000.01; கடைசி மாதம் வட்டி 330 சேர்ந்து 33,330.01. தவணையைக் கழித்தால் மீதி குறை 1,003.32. கடன் தீர்ந்தபின்னும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டியதாகிறது.

ஆசிரியர்: ஆம். திருப்பிக் கொடுத்துவிட்ட அசலுக்கும் வட்டி வாங்கியதன் விளைவு அது. இதை ஃபிளாட் வட்டி என்பர். நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிடுவது குறையும் நிலுவை முறை. உன் அண்ணன் கணக்கில் குறையும் நிலுவைப்படி மொத்த வட்டி ரூ.6,618.56. முகவர் முறையில் ரூ.12,000.

மாணவி: அப்படியானால் அந்த 9,333.33 ரூபாய்த் தவணை, குறையும் நிலுவையில் எத்தனை விழுக்காட்டுக்குச் சமம்? r ஐத் தனியே பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆசிரியர்: பொதுவாக அதற்கு எளிய சூத்திரம் இல்லை. பிரதியிட்டே தேடலாம். மாதம் 1.75 விழுக்காடு என்று வைத்துப் பன்னிரண்டு மாதமும் நடத்து.

மாணவி: கணிப்பானில் போட்டேன். இறுதியில் ஏறத்தாழ 290 ரூபாய் கூடுதலாகக் கட்டியதாக வருகிறது. 1.8 என்று வைத்தால் ஏறத்தாழ 91 ரூபாய் கடன் மீதி நிற்கிறது. உண்மை வீதம் இரண்டுக்கும் இடையில், 1.8 ஐ ஒட்டி இருக்கிறது. 1.79 எனலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்தொன்றரை விழுக்காடு!

ஆசிரியர்: பன்னிரண்டு என்று சொல்லப்பட்டது அதுதான். முகவர் பொய் சொன்னார் என்று அண்ணனிடம் கூறாதே. எந்த முறையில் 12 என்று கேட்கச் சொல். கடன் தருவது வங்கியாயினும் வங்கியல்லாத நிதி நிறுவனமாயினும், 1 அக்டோபர் 2024 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' எனப்படும் முக்கிய விவர அறிக்கையைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வீதமும் தவணை அட்டவணையும் அதில் இருக்கும்.

மாணவி: அந்த அட்டவணையில் நிலுவை மாதந்தோறும் எப்படி இறங்குகிறது என்று நானே நடத்திப் பார்க்கலாம்.

ஆசிரியர்: நடத்திப் பார். முதல் தவணைத் தேதி தள்ளிப்போவதாலும், நாள் கணக்கில் வட்டி போடுவதாலும் சில ரூபாய் வேறுபடலாம்; அதற்கு அஞ்சவேண்டாம். ஆனால் மீதி ஆயிரக்கணக்கில் நின்றால், உன் முதல் வரியையும் அவர்களுடைய முதல் வரியையும் அருகருகே வைத்துக் கேள்.

மாணவி: இன்றிரவே அண்ணனிடம் 8,884.88 என்ற தொகையையும், பன்னிரண்டு மாத நிலுவையையும் எழுதிக் கொடுக்கிறேன் ஐயா. அந்த அறிக்கையைப் பெற்று, கடைசி வரி பூச்சியத்தில் முடிகிறதா என்று பார்த்த பின்னரே அவர் கையொப்பமிடட்டும்.