கதவில் ஒரு தாளா, கைப்பேசியில் ஒரு லிங்க்கா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 40 மணி நேரப் பணி. அதில் நேரடியாகப் பாடம் நடத்துவது 16 மணி நேரம். விடைத்தாள் திருத்துவது, துறை வேலை, மாணவர் சந்தேகம் எல்லாம் மீதி நேரத்தில்தான். "சார், ஒரு நிமிஷம்" என்று நாள் முழுக்க யாராவது வந்தால் மற்ற வேலை நகராது. ஆசிரியர் அறையில் இல்லாதபோது வந்த மாணவர் திரும்பி வருவதும் சந்தேகம்தான். வாரத்தில் இரண்டு மணி நேரத்தை நிலையாக ஒதுக்குவது இரு தரப்புக்கும் நல்லது.

முதலில் நேரம். கல்லூரிப் பேருந்து 4.15-க்குக் கிளம்பும் இடத்தில் மாலை நாலு மணியை அறிவித்தால், விடுதி மாணவர் மட்டுமே வருவார். மதிய இடைவேளைதான் எல்லா வகுப்புக்கும் பொது. அதற்கு முந்தைய பீரியட் தனக்கு ஓய்வாக உள்ள நாள்களை ஆசிரியர் எடுத்துக்கொண்டால், அவரும் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.

அறுபது பேர் உள்ள ஒரு கணித வகுப்பை எடுத்துக்கொள்வோம். செவ்வாய், வியாழன் 12.45 முதல் 1.45 வரை. முதல் 45 நிமிடத்தில் முன்பதிவு செய்த மூவர், ஆளுக்கு 15 நிமிடம். கடைசிக் கால் மணி நேரம் சொல்லாமல் வருபவர்களுக்கு, ஆளுக்கு ஐந்து நிமிடம். அதற்குள் முடியாத சந்தேகம் அடுத்த முன்பதிவுக்குப் போகும். வாரம் ஆறு முன்பதிவு என்றால் பத்து வாரத்தில் வகுப்பே ஒரு சுற்று வந்துவிடும். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டியிருக்கும்.

எதில் பதிவது? வாட்ஸ்அப் வேண்டாம். ஒரே நேரத்தை இருவர் கேட்பார்கள். யாருக்கு என்று தீர்ப்பதே தனி வேலையாகிவிடும். எல்லோரும் திருத்தக்கூடிய கூகுள் ஷீட்டில் ஒருவர் பெயரை இன்னொருவர் அழித்துவிடலாம். கூகுள் காலண்டரின் முன்பதிவுப் பக்கம் இரண்டையும் தவிர்க்கிறது: ஒருவர் எடுத்த நேரம் அடுத்தவருக்குக் காட்டாது, யார் பதிந்தார் என்பதும் தெரியாது. தேர்வில் தவறியதைப் பற்றிப் பேச வரும் மாணவருக்கு இந்த மறைவு முக்கியம். ஆய்வு மாணவர்களுக்கும் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

தினமும் வளாகத்துக்கு வரும் இளநிலை மாணவர்களுக்கு, திங்கள் காலை கதவில் ஒட்டும் தாளே போதும். நேரம், பதிவு எண், எந்தக் கணக்கு என மூன்று பத்தி. மூன்றாவது பத்திதான் உயிர்நாடி: "யூனிட் 2, ஏழாவது கணக்கு" என்று எழுதியவரோடு பேச்சு நேராகக் கணக்கில் தொடங்கும். பெயருக்குப் பதில் பதிவு எண் எழுதினாலும் வகுப்புத் தோழர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அந்தக் குறை தாளுக்கு உண்டு.

முன்வரிசை மாணவர்களே வாராவாரம் தாளை நிரப்பினால், ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வரம்பு வையுங்கள். தாள் காலியாக இருந்தும் மற்ற நேரத்தில் கதவு தட்டப்படுகிறதா? தேர்ந்தெடுத்த நேரம் தவறு. வகுப்பிலேயே கேட்டு அதை மாற்றுங்கள்.