ஒரே பாத்திரம், இரு விருதுகள்

அழவைப்பது நாடகம், சிரிக்கவைப்பது நகைச்சுவை என்றே எண்ணியிருந்தேன். அமெரிக்காவின் எமி தொலைக்காட்சி விருதுகளைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது.

பெண்கள் சிறைச்சாலையைக் காட்டும் 'ஒரேஞ்ச் இஸ் த நியூ பிளாக்' தொடர் 2014இல் நகைச்சுவைப் பிரிவில் நின்றது. அதில் நடித்த உசோ அடூபா விருது பெற்றார். 2015இல், அரைமணிக்கு மேல் ஓடும் அத்தியாயங்களைக் கொண்ட தொடர் நாடகமே என விதி வந்தது. நகைச்சுவையிலேயே இருக்கத் தயாரிப்பாளர்கள் முறையிட்டும் பலிக்கவில்லை. தொடர் நாடகப் பிரிவுக்கு மாறியது. அதே பாத்திரத்துக்காக அடூபா மீண்டும் வென்றார். அந்த நேர விதி பின்னர் நீக்கப்பட்டது.

தொடராமல் கதை முழுமையாக முடிந்துவிட்டால் அது குறுந்தொடர். அதற்குத் தனிப்பிரிவு உண்டு.

நடிப்புக்கு நடிகர்களே பரிந்துரைத்து, இறுதியில் வாக்களிப்பார்கள். கூடுதல் வாக்குப் பெற்றவருக்கே விருது. ஆனால் யாரோடு போட்டி என்பதைப் பிரிவு முன்னரே தீர்மானித்துவிடுகிறது.